படத்தில் வாடை தெரியாது

பேச்சில்லாமல் வரும் படம்

சிலிண்டரில் மாட்டிய ரெகுலேட்டரின் படமோ, மஞ்சளாக எரியும் அடுப்பின் படமோ ஒரு வார்த்தைகூட இல்லாமல், உதவி தேடி வாட்ஸப்பில் வந்து விழுகிறது. ரெகுலேட்டர் சரிந்திருப்பதும் டியூப் வெடித்திருப்பதும் படத்தில் தெரியலாம். சிலிண்டரின் வாயில் இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் இருக்கிறதா, வாடை வருகிறதா என்பது தெரியாது. ஆபத்து இருப்பது அங்கேதான். அதனால் ‘என்ன பழுது?’ என்று கேட்பதற்கு முன், ‘வாடை அடிக்கிறதா? அடுப்பு எரிகிறதா? யாருக்காவது தலைசுற்றல் உண்டா?’ என்று கேட்க வேண்டும்.

வாடை இருந்தால்

சமையல் கேஸுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிவு தெரிவதற்காகவே மெர்காப்டன் சேர்க்கிறார்கள். உள்ளேயே இருப்பவரின் மூக்குக்கு அந்த வாடை மெல்ல மரத்துப்போகும். ஆகவே ‘இப்போது வாடை இல்லை’ என்ற பதிலை மட்டும் நம்பக் கூடாது. வெளியிலிருந்து வருபவருக்கு வாடை தெரிகிறதா என்றும் கேட்க வேண்டும்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தேங்கும். மதுரையின் லைன் வீடுகளில் உயரத்தில் உள்ள சிறு ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, வாசல் கதவையும் திறக்க வேண்டும். காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கும். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் பொறி எழும் என்பதால் விளக்கு, மின்விசிறி எதையும் தொடக் கூடாது. எட்டும் நிலையில் இருந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். வெளியே வந்த பிறகு 1906-க்கு அழைக்கலாம், தீப்பிடித்திருந்தால் 101. மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொல்லி யாரையும் உள்ளே அனுப்பக் கூடாது.

சிலிண்டரை அடைபட்ட இடத்தில் கையாள்வதன் விலையை மதுரை கண்ணால் கண்டிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தனர். விதியை மீறிப் பெட்டிக்குள் சிலிண்டர் கொண்டுவரப்பட்டிருந்தது.

மஞ்சள் தீ

நீலத் தீ நன்றாக எரிவதன் அடையாளம். பால் பொங்கி வழிந்தாலும் உப்புநீர் பட்டாலும் சிறிது நேரம் மஞ்சள் தெரியும். கேமராவும் நிறத்தை மாற்றிக் காட்டும். ஓயாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால், பர்னரில் காற்று சரியாகச் சேரவில்லை என்று பொருள். அப்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. மூடிய அறையில் தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து 108-ஐ அழைக்க வேண்டும்.

எல்லாம் அடங்கிய பின்

வாடை முழுவதும் போன பிறகு, வால்வைச் சுற்றியும் டியூபின் இணைப்புகளிலும் சோப்பு நீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் உயிரைப் பறிக்கும். குமிழி வந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரில் கட்டியிருக்கும் மூடியைப் பொருத்திவிட்டு, ஏஜென்சி மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் வந்தபின் முதலில் அனுப்பிய படத்தைக் காட்டினால், ரெகுலேட்டர் எப்படி மாட்டியிருந்தது என்பதை அறிய அவருக்கு உதவும்.