ஐந்தும் பதினொன்றும்: காகிதத்தில் ஒரு பொதுச் சாவி

பொதுச் சாவி மறையாக்கத்தில் சாவிகள் இரண்டு. ஒன்று செய்தியைப் பூட்டும், மற்றது திறக்கும். பூட்டும் சாவியை ஊரறிய வெளியிட்டுவிடலாம். திறக்கும் சாவி மட்டும் உரியவரிடமே இருக்கும். அதனால் அனுப்புபவரும் பெறுபவரும் முன்கூட்டியே சந்தித்து ரகசியம் எதையும் பேசிவைக்க வேண்டியதில்லை. இதற்கான மிகப் புகழ்பெற்ற முறையை 1977-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரொனால்ட் ரிவெஸ்ட், ஆதி ஷமிர், லெனார்ட் ஏடெல்மன் ஆகிய மூவரும் உருவாக்கினார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அது ஆர்.எஸ்.ஏ. எனப்படுகிறது. பிரிட்டிஷ் உளவு அமைப்பான ஜி.சி.எச்.க்யூ.வில் கிளிஃபர்ட் காக்ஸ் 1973-லேயே இதற்கு நிகரான வழியைக் கண்டிருந்தார். ஆனால் அது 1997 வரை வெளியே சொல்லப்படவில்லை.

கணினிகள் இந்த முறையில் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களைக் கையாளுகின்றன. எண் சிறிதானாலும் செய்முறை மாறுவதில்லை. 5, 11 என்ற இரண்டு பகா எண்களை எடுத்துக்கொண்டால், முழுக் கணக்கையும் ஒரு தாளில் போட்டுவிடலாம்.

சாவி செய்தல்

சாவிகளைச் செய்பவர், செய்தியைப் பெறப்போகிறவர். அவர் முதலில் இரண்டு பகா எண்களையும் பெருக்குகிறார்: 5 × 11 = 55. இனி எல்லாக் கணக்கும் 55-ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதியில்தான் நடக்கும்.

அடுத்து, இரண்டு எண்களிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்குகிறார்: 4 × 10 = 40. 1 முதல் 54 வரையுள்ள எண்களில் 5-இன் மடங்குகள் பத்து, 11-இன் மடங்குகள் நான்கு. இவற்றை நீக்கினால் மிஞ்சுபவை 40 எண்கள். அந்த எண்ணிக்கைதான் இது. இதை அவர் யாருக்கும் சொல்வதில்லை.

பூட்டுவதற்கு இப்போது ஓர் அடுக்கு வேண்டும். அந்த எண்ணுக்கும் 40-க்கும் 1-ஐத் தவிர வேறு பொது வகுஎண் இருக்கக் கூடாது. 2 ஆகாது, 3 ஆகும். ஆகவே பொதுச் சாவி 55, 3 என்ற இணை. இதை வெளியிட்டுவிடலாம்.

திறக்கும் அடுக்கு, 3-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்ணாக இருக்க வேண்டும். 40-இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனால் 41, 81, 121 என்று வரும. இவற்றில் 3-ஆல் முதலில் வகுபடுவது 81. அதை 3-ஆல் வகுத்தால் 27. இதுவே தனிச் சாவி. பெரிய எண்களில் இப்படித் தேடிக்கொண்டிருக்க முடியாது. அங்கே யூக்ளிடின் வகுத்தல் முறை சில படிகளில் விடையைத் தந்துவிடும்.

பூட்டும் அடுக்கைத் தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும்? 5-ஐ எடுத்துப் பார்க்கலாம். 5 எண் 40-ஐ வகுக்கும். 4-இன் ஐந்தாம் அடுக்கு 1024. 55-ஆல் வகுத்தால் மீதி 34. 9-இன் ஐந்தாம் அடுக்கு 59049. அதற்கும் மீதி 34. வெவ்வேறு செய்திகள் இரண்டு ஒரே எண்ணாகிவிட்டன. 34 கையில் வந்தால், அனுப்பியது 4-ஆ 9-ஆ என்று சாவி செய்தவராலும் சொல்ல முடியாது.

பூட்டுதல்

செய்தியும் ஓர் எண்ணாக இருக்க வேண்டும். பன்னிரண்டு உயிரெழுத்துகளுக்கு 1 முதல் 12 வரையும், பதினெட்டு மெய்களுக்கு 13 முதல் 30 வரையும் எண் கொடுத்தால், ‘ஏ’ என்பது 8. அதை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும்: 8 × 8 × 8 = 512. 55 × 9 = 495 என்பதால் மீதி 17. அனுப்ப வேண்டியது 17 மட்டுமே.

செய்தி எண் 55-ஐ விடச் சிறியதாக இருப்பது கட்டாயம். 63-ஐ அனுப்ப முயன்றால், 55 போக மீதி 8 என்பதால் அதுவும் 17 ஆகவே மாறும். திறந்தால் 8 வரும், 63 வராது.

திறத்தல்

பெறுபவர் 17-இன் 27ஆம் அடுக்கைக் காண வேண்டும். நேராகப் பெருக்கினால் அது 34 இலக்க எண். அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் வர்க்கம் எடுத்து, உடனே 55-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் எண் பெருக்காது.

17² = 289, மீதி 14
17⁴: 14² = 196, மீதி 31
17⁸: 31² = 961, மீதி 26
17¹⁶: 26² = 676, மீதி 16

27 = 16 + 8 + 2 + 1. ஆகவே 16, 26, 14, 17 ஆகிய மீதிகளைப் பெருக்கினால் போதும். 16 × 26 = 416, மீதி 31. 31 × 14 = 434, மீதி 49. 49 × 17 = 833, மீதி 8. அனுப்பிய ‘ஏ’ திரும்பி வந்துவிட்டது. இடையில் ஒரு வகுத்தல் பிசகினாலும் கடைசியில் வேறு எண்தான் வரும். அதனால் 8-ஐ மறுபடி பூட்டி, 17 வருகிறதா என்று பார்ப்பது நல்ல சரிபார்ப்பு.

எதனால் திரும்புகிறது

8-இன் அடுக்குகளை 55-ஆல் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதினால் 8, 9, 17, 26, 43 என்று போகும். இருபதாம் இடத்தில் 1 வரும், இருபத்தோராம் இடத்தில் மறுபடி 8. 55-ஐ விடச் சிறிய எந்த எண்ணை எடுத்தாலும் 41ஆம் அடுக்கில் அதுவே திரும்பும். 81ஆம் அடுக்கிலும் அப்படியே. ஃபெர்மா, ஆய்லர் ஆகியோரின் தேற்றங்கள் தரும் முடிவு இது. முதலில் 3, பிறகு 27 என்று அடுக்கேற்றினால் மொத்தம் 3 × 27 = 81. பூட்டும்போது பாதி வழி போன எண், திறக்கும்போது மீதி வழியைக் கடந்து தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது.

சிறிய எண்களின் பலவீனம்

பொதுச் சாவியைப் பார்ப்பவருக்கு 55-உம் 3-உம் தெரியும். 27-ஐக் காண அவருக்கு 40 வேண்டும். 40-ஐக் காண 55-இன் பகாக் காரணிகள் வேண்டும். 55-ஐக் காரணிப்படுத்த ஒரு நொடி போதும். முறையின் பாதுகாப்பு முழுவதும் இந்த ஒரு படியின் கடினத்தில்தான் இருக்கிறது. 250 இலக்கங்கள் கொண்ட ஓர் ஆர்.எஸ்.ஏ. எண்ணை ஆய்வாளர்கள் 2020-ல் ஏராளமான கணினிகளைக் கொண்டு காரணிப்படுத்தினார்கள். இன்று பரவலாகப் பயன்படும் 2048 பிட் சாவியில் உள்ள எண்ணுக்கு 617 இலக்கங்கள்.

காரணிப்படுத்தாமலும் இந்தச் சிறிய சாவியை உடைக்கலாம். பூட்டும் சாவி எல்லோரிடமும் இருப்பதால், முப்பது எழுத்துகளையும் ஒருவர் தாமே பூட்டி ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளலாம். 17-ஐக் கண்டதும் ‘ஏ’ என்று படித்துவிடுவார். மேலும் சில எண்கள் பூட்டினாலும் மாறுவதே இல்லை: 10-இன் மூன்றாம் அடுக்கு 1000; 55 × 18 = 990; மீதி 10. ‘ஒ’ எழுத்து மறையாமல் அப்படியே போய்ச் சேரும். இந்தச் சாவியில் 0 முதல் 54 வரை இப்படி மாறாத எண்கள் ஒன்பது உள்ளன.

எண்ணைப் பெரிதாக்கினால் மட்டும் அட்டவணை ஆபத்து நீங்காது. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டே விடைகள் சாத்தியம் என்றால், இரண்டையும் பூட்டிப் பார்த்து ஒப்பிட்டுவிடலாம். ஆகவே நடைமுறையில் செய்தியோடு ஒவ்வொரு முறையும் தற்செயலாகத் தேர்ந்த இலக்கங்களைக் கலந்த பிறகே பூட்டுகிறார்கள். அப்போது ஒரே செய்தியை இருமுறை அனுப்பினாலும் இரண்டு வெவ்வேறு எண்களே வெளியே தெரியும்.