ஜெர்க் அடிக்காத ஸ்லோ மோஷன்

2007இல் வெளிவந்த ‘300’ படத்தில் ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடஸ் பகைவர் கூட்டத்துக்குள் தனியாக இறங்கும் ஒரு நீண்ட ஷாட் உண்டு. கேமரா பக்கவாட்டில் கூடவே நகர்கிறது. ஈட்டியை ஓங்கும்போது காலம் இழுபட்டு மெதுவாகிறது. ஈட்டி பாய்ந்ததும் சட்டென்று வேகம் பிடிக்கிறது. அடுத்த எதிரி விழும்போது மறுபடியும் மெதுவாகிறது. நடுவில் எங்கேயும் வெட்டே இல்லாததுபோல் தெரியும். இயக்குநர் ஜாக் ஸ்னைடரும் ஒளிப்பதிவாளர் லாரி ஃபாங்கும் வெவ்வேறு லென்ஸ் மாட்டிய மூன்று கேமராக்களை ஒன்றாகப் பொருத்தி, மூன்றையும் அதிவேகத்தில் ஓடவிட்டு இதை எடுத்தார்கள். எந்த இடத்தில் வேகம் மாறுவது, எந்த இடத்தில் அருகில் போவது என்பதெல்லாம் பிறகு எடிட்டிங் கட்டத்தில் முடிவானது.

ஸ்பீட் ரேம்ப் என்று எடிட்டர்கள் சொல்வது இதைத்தான். ஒரே ஷாட்டுக்குள் வேகம் ஏறி இறங்குவது. இன்று செல்போன் செயலியில்கூட இதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தியவர்களில் பலர் பார்த்திருப்பார்கள்: ஓடுகிறவன் கால் திக்கித் திக்கி நகரும், கை இரண்டாகத் தெரியும், வேகமான பகுதி வெட்டி வெட்டி ஓடும். தொழில் பாஷையில் சொன்னால் ஜெர்க் அடிக்கும். அதற்கு மென்பொருளைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் குறை கணக்கில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டன்ட் கலைஞர் ஒருவர் ஒன்றரை நொடி ஓடி வருகிறார், 0.6 நொடி காற்றில் பறந்து ஒரு சுவரைத் தாண்டுகிறார், இறங்கியபின் ஒரு நொடி ஓடுகிறார். கேமரா நொடிக்கு 120 ஃப்ரேம் எடுத்திருக்கிறது. படம் ஓடப்போகும் டைம்லைனோ நொடிக்கு 24 ஃப்ரேம். அதாவது ஒவ்வொரு 24 படத்துக்கும் கையில் 120 படம் இருக்கிறது. ஓட்டம் இயல்பு வேகத்தில் தெரிய வேண்டுமானால் மென்பொருள் ஐந்துக்கு ஒன்றாக எடுத்து, மற்ற நான்கையும் விட்டுவிடுகிறது. பறக்கும் பகுதியை 20 சதவீத வேகத்துக்கு இறக்கினால் எதையும் விடாமல் ஒவ்வொன்றாக எடுக்கிறது. 0.6 நொடிக்கான 72 ஃப்ரேம் திரையில் சரியாக மூன்று நொடி ஓடும். இரண்டிலும் இயக்கம் வழுக்கிக்கொண்டு போகும்.

இப்போது எடிட்டருக்கு 20 சதவீதம் அதிகமாக இழுப்பதாகத் தோன்றி, 30 சதவீதம் வைக்கிறார் என்று வையுங்கள். ஐந்தில் 30 சதவீதம் ஒன்றரை. ஒன்றரை ஃப்ரேம் தாண்டி இன்னொரு ஃப்ரேம் கிடையாது. எனவே மென்பொருள் ஒரு தடவை ஒன்று தாண்டுகிறது, அடுத்த தடவை இரண்டு தாண்டுகிறது, மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. காற்றில் பறக்கிறவர் ஒரு படத்துக்கு ஒரு விரற்கடை நகர்ந்தால் அடுத்த படத்துக்கு இரண்டு விரற்கடை நகர்கிறார். நொடிக்குப் பன்னிரண்டு முறை நடக்கும் இந்தத் தள்ளாட்டத்தைத்தான் கண் ஜெர்க் என்று உணர்கிறது. 50 சதவீதத்திலும் இதே கதை: இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. வேகம் கூடக்கூட இந்த வித்தியாசம் மங்கிவிடும். 90 சதவீதத்தில் நான்கும் ஐந்தும் மாறி மாறி வருவதைப் பலரும் கவனிக்கவே மாட்டார்கள்.

ஆக, 120க்கு 24 என்ற இந்த ஜோடிக்குச் சுத்தமான வேகங்கள் ஐந்துதான்: 20, 40, 60, 80, 100. அதிக நேரம் தங்கப்போகிற வேகம் இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். 20க்குக் கீழே இறங்கினால் எடுப்பதற்குப் புதுப் படமே இல்லை. 10 சதவீதத்தில் ஒவ்வொரு படமும் இரண்டு தடவை காட்டப்பட்டு, நொடிக்குப் பன்னிரண்டு படம் மட்டுமே மாறும். எவ்வளவு மெதுவாகப் போகலாம் என்பது எடிட்டிங் மேசைக்கு வருவதற்கு முன்பே, படப்பிடிப்பில் முடிவாகிவிடுகிறது.

இடைப்பட்ட வேகங்களைத் தொடாமல் 100இலிருந்து 20க்கு எப்படி இறங்குவது? தொடலாம், தங்கக்கூடாது. ஐந்து ஐந்தாகத் தாண்டிக்கொண்டிருந்ததை நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு தாவலும் முந்தையதைவிடச் சற்றே சின்னது. கண் அதைத் தடங்கலாக எடுத்துக்கொள்வதில்லை. வேகம் குறைகிறது என்று எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு படியிலும் இரண்டு படம் என்று வைத்தால் திரையில் பத்து ஃப்ரேமில் சரிவு முடிந்துவிடும். அந்தப் பத்துக்காக மூலக் காட்சியில் செலவாவது 30 ஃப்ரேம், அதாவது கால் நொடி. இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். கால் தரையைவிட்டு எழும்புகிற ஃப்ரேமில் கீஃப்ரேம் வைத்துவிட்டு, பாய்ச்சலின் தொடக்கமே மெதுவாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். வேகம் முழுவதும் இறங்கும்போது ஆள் பாதிச் சுவர் தாண்டியிருப்பார். சரிவைக் கால் நொடி முன்பே, கடைசி எட்டு ஓங்கும்போதே தொடங்க வேண்டும்.

திரும்ப மேலே ஏறுவதற்கு அவ்வளவு நளினம் தேவையில்லை. பாதம் தரையில் மோதுகிற அதே ஃப்ரேமில் 20இலிருந்து 100க்கு ஒரேயடியாகத் தாவலாம். மோதலின் அதிர்ச்சி அந்தத் தாவலை மறைத்துவிடும். சொல்லப்போனால் அதை இன்னும் கனமாக்கும். ‘300’ ஷாட்டில் அடி விழும் இடங்களைக் கவனித்தால் இந்தத் தந்திரம் பிடிபடும்.

கணக்கு சரியாக இருந்தும் ஓடும் பகுதி வெட்டி வெட்டித் தெரிகிறது என்றால் காரணம் ஷட்டர். சாதாரணமாக 24 ஃப்ரேமில் எடுக்கும்போது ஒவ்வொரு படமும் நொடியில் 48இல் ஒரு பங்கு நேரம் ஒளி வாங்குகிறது. அந்த நேரத்துக்குள் கால் நகர்ந்துவிடுவதால் படத்தில் ஒரு மெல்லிய இழுவை விழும். சினிமா இயக்கம் நம் கண்ணுக்கு மென்மையாகத் தெரிவது இந்த இழுவையால்தான். 120 ஃப்ரேமில் எடுக்கும்போது ஷட்டர் பெரும்பாலும் 240இல் ஒரு பங்கு. இழுவை ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. மெதுவாக ஓட்டும்போது இதுவே சரியான அளவு. அதையே ஐந்துக்கு ஒன்றாக எடுத்து இயல்பு வேகத்தில் காட்டினால், கல்லில் செதுக்கியதுபோல் துல்லியமான கால்கள் இடைவெளிவிட்டு இடைவெளிவிட்டுத் தோன்றும். ‘சேவிங் பிரைவேட் ரையன்’ படத்தின் போர்க் காட்சிகளில் ஜானுஸ் கமின்ஸ்கி ஷட்டரை வேண்டுமென்றே குறுக்கி இந்தப் படபடப்பைக் கொண்டுவந்தார். வேண்டாத இடத்தில் அது கோளாறு.

இதற்கு எளிய தீர்வு, விட்டுவிடுகிற நான்கு ஃப்ரேம்களையும் முழுதாக வீணாக்காமல் இருப்பது. ஷட்டரை 120இல் ஒரு பங்காகத் திறந்து வைத்து எடுத்தால் ஒரு ஃப்ரேமின் இழுவை முடியும் இடத்தில் அடுத்ததன் இழுவை தொடங்கும். வேகமான பகுதியில் அடுத்தடுத்த இரண்டு அல்லது மூன்று ஃப்ரேமைக் கலந்து ஒன்றாக்கினால் 24 ஃப்ரேம் கேமராவில் எடுத்ததற்கு மிக அருகில் வந்துவிடும். ஷட்டர் 240இல் ஒன்றாக இருந்தால் இந்த வழி பலிக்காது. இழுவைகளுக்கு நடுவே ஓட்டை விழுந்து, ஒரு காலுக்குப் பதில் மூன்று மங்கலான கால்கள் தெரியும். அப்போது ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் உள்ள `Pixel Motion Blur` போன்ற எஃபெக்ட்டால் இழுவையைச் செயற்கையாகச் சேர்க்க வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் குறுக்குவழியாகப் பலர் நம்புவது `Optical Flow`. பிரீமியர் புரோவில் `Time Interpolation` என்ற இடத்திலும், டாவின்சி ரிசால்வில் `Retime Process` என்ற இடத்திலும் இது இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து எங்கே போனது என்று கணித்து, நடுவில் இல்லாத படத்தை மென்பொருளே வரைகிறது. இந்தக் கணிப்புக்கான அடிப்படை முறைகள் 1981இலேயே ஆய்வுக் கட்டுரைகளாக வந்துவிட்டன. 1999இல் ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தில் கீயானு ரீவ்ஸ் தோட்டாக்களுக்கு வளைந்துகொடுக்கும் காட்சியில், வரிசையாக நிறுத்திய ஸ்டில் கேமராக்கள் எடுத்த படங்களுக்கு இடையே இப்படித்தான் புதிய படங்கள் செருகப்பட்டன.

ஆனால் புள்ளி எங்கே போனது என்று தெரியாவிட்டால் இந்த முறை தவிக்கும். ஓடும்போது ஒரு கால் இன்னொரு காலை மறைக்கிறது. மறைந்த காலை மென்பொருள் எங்கே தேடும்? கம்பி வேலிக்கு முன்னால் ஓடினால் எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி. தூசி, மழை, தீப்பொறி ஆகியவற்றில் ஒரு படத்தில் இருந்த துகளே அடுத்த படத்தில் இருப்பதில்லை. இவை வந்தால் உடம்பின் விளிம்பைச் சுற்றிப் பின்னணி ஜெல்லிபோல் நெளியும். சாதாரண 24 ஃப்ரேம் காட்சியை 25 சதவீதத்துக்கு இழுத்தால் திரையில் வரும் நான்கில் மூன்று படம் கற்பனை. சண்டைக் காட்சி அதைத் தாங்காது. 120இல் எடுத்த காட்சியை 15 சதவீதத்துக்குக் கொண்டுபோக, அதுவும் ஆள் வானத்தைப் பின்னணியாக வைத்துப் பறக்கும் அரை நொடிக்கு மட்டும் பயன்படுத்தினால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஃப்ரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக மங்கலாக்கிக் கலக்கும் `Frame Blending` பற்றி ஒரு வார்த்தை போதும்: மெதுவான சண்டைக் காட்சியில் அதைத் தொடவே வேண்டாம்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முதலில் ஒரு சோதனை. காட்சியை இரண்டு மூன்று தடவை ஓடவிட வேண்டும். ஜெர்க் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் வந்தால் திணறுவது கணினி. ரெண்டர் செய்தால் சரியாகிவிடும். எப்போதும் ஒரே இடத்தில் வந்தால் அது காட்சியிலேயே இருக்கிறது. பிறகு அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, தலை அல்லது முழங்கால் எவ்வளவு தாவுகிறது என்று பார்க்க வேண்டும். சின்னது பெரியது, சின்னது பெரியது என்று வந்தால் வேகத்தின் எண் தப்பு. தாவல் சீராக இருந்தும் ஓட்டத்தில் படபடத்தால் ஷட்டர். விளிம்பு உருகினால் `Optical Flow`.

வெட்டி ஓடுவதே சில சமயம் தேவையாகவும் இருக்கலாம். ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ படத்தில் பாதிக்குமேல் 24 ஃப்ரேம் வேகத்தில் ஓடவில்லை என்று அதன் ஒளிப்பதிவாளர் ஜான் சீல் சொல்லியிருக்கிறார். அங்கே படங்கள் தவறவிடப்படுவது பாலைவனத் துரத்தலின் வெறியைக் கூட்டுவதற்காக.

நம் ஊரில் உள்ளரங்கில் படமெடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு நூறு முறை கூடிக் குறைகின்றன. 120 ஃப்ரேம், 240இல் ஒரு பங்கு ஷட்டர் என்று எடுத்தால் ஒரு படத்தில் வெளிச்சத்தின் உச்சமும் இன்னொரு படத்தில் பள்ளமும் விழுந்து, ஸ்லோ மோஷன் முழுக்கச் சுவர் துடிக்கும். அங்கே கேமராவை 100 ஃப்ரேமுக்கும் ஷட்டரை 100இல் ஒரு பங்குக்கும் மாற்றினால் ஒவ்வொரு படமும் ஒரு முழுத் துடிப்பை வாங்கிக்கொள்ளும். ஆனால் அதை 24 டைம்லைனில் இயல்பு வேகத்தில் போட்டால் தாவல் நான்கு, நான்கு, நான்கு, நான்கு, நான்கு, ஐந்து என்று வந்து நொடிக்கு நான்கு முறை இடறும். டைம்லைனை 25ஆக வைத்தால் நான்குக்கு ஒன்று என்று கச்சிதமாகப் பொருந்தும். சுத்தமான வேகங்கள் அப்போது 25, 50, 75, 100.