இலையை அளக்கும் கணக்கு

புங்க மரத்தில் ஓர் இலையைப் பறித்துப் பரப்பை அளக்கிறோம். பிறகு உலர்த்தி எடைபோடுகிறோம். பரப்பை உலர் எடையால் வகுத்தால் வருவது 'ஸ்பெசிஃபிக் லீஃப் ஏரியா', சுருக்கமாக எஸ்.எல்.ஏ. ஒரு மில்லிகிராம் உலர்பொருளைச் செலவழித்து மரம் எத்தனை சதுர மில்லிமீட்டர் இலையை விரித்திருக்கிறது என்பதை இந்த எண் சொல்லும். பொதுவாக, எண் கூடினால் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் உதிரும் மெல்லிய இலை. குறைந்தால் நெடுநாள் நிற்கும் கெட்டி இலை. வெறும் வகுத்தல்தான். ஆனாலும் செய்முறை வகுப்பில் ஒரே மரத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விடையோடு வரும்.

குளறுபடி பறிக்கும்போதே தொடங்கிவிடும். கைக்கு எட்டும் கிளை பெரும்பாலும் நிழலில் இருக்கும். நிழல் இலை மெல்லியது என்பதால், அதே மரத்தின் வெயில் இலையைவிட அதன் எஸ்.எல்.ஏ. அதிகம். புங்கனை நிழலிலும் வேம்பை வெயிலிலும் பறித்து ஒப்பிட்டால், நாம் அளந்தது மரங்களின் வேறுபாட்டையா, வெளிச்சத்தின் வேறுபாட்டையா என்று பிரிக்கவே முடியாது. அதனால்தான் முழுதாக விரிந்த, பூச்சி அரிக்காத, இளம் வெயில் இலையைக் கேட்கிறார்கள். காம்பைச் சேர்ப்பதே வழக்கமான முறை. காம்பு எடையைக் கூட்டும், பரப்பை அவ்வளவாகக் கூட்டாது. ஒரு குழு சேர்த்து, இன்னொரு குழு விட்டுவிட்டால் எண்கள் பொருந்தா.

பறித்த இலையை ஈரத்தாளில் சுற்றிப் பையில் மூடி, குளிர்ச்சியாக வைக்க வேண்டும். வாடினால் பரப்பு சுருங்கும், உலர் எடை மாறாது; விடை தாழ்ந்துவிடும்.

அடுத்தது ஸ்கேனர். இலையின் உண்மைப் பரப்பு 3,000 சதுர மி.மீ., உலர் எடை 200 மி.கி. என்று கொள்வோம், எஸ்.எல்.ஏ. 15. ஸ்கேன் செய்தது 200 டிபிஐ-யில், மென்பொருளிடம் சொன்னதோ 300 என்றால், நீளம் ஒன்றரை மடங்கு குறையும். பரப்பு 2.25 மடங்கு குறைந்து 1,333 ஆகிவிடும். விடை 6.7, மெல்லிய இலை தோல்போன்ற இலையாகத் தோன்றும். இந்தப் பிழையைப் பிடிப்பது சுலபம்: 50 மி.மீ. பக்கமுள்ள காகிதச் சதுரம் ஒன்றையும் இலையோடு ஸ்கேன் செய்யுங்கள். அது 2,500 காட்டாவிட்டால் அளவுகோல் தவறு.

70 டிகிரி அடுப்பில் மூன்று நாள் உலர்ந்த இலைக்கும் ஒரு வம்பு உண்டு. வெளியே எடுத்ததும் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். தராசின் எண் மெல்ல ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய கலத்தில் ஆறவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து உடனே நிறுக்க வேண்டும். மீண்டும் அடுப்பில் வைத்து நிறுத்தாலும் எடை மாறாதிருந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள்.

கடைசியில் காட்டுத்துண்டு முழுவதற்கும் ஒரு சராசரி கேட்பார்கள். முக்கால் பங்கை மூடிய இனத்துக்கு 12, கால் பங்கு இனத்துக்கு 24 என்றால் விடை 15. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிய 18 அல்ல.