60-க்குப் பக்கத்தில் எதை எழுதுவது, 12-ஐயா 4-ஐயா?

ஒரு மாவட்டத்தில் 20,000 மாணவர்கள் காலாண்டுத் தேர்வு எழுதியிருக்கிறார்கள். கணக்கில் சராசரி எவ்வளவு வரும் என்று உடனே தெரிய வேண்டும். குலுக்கல் முறையில் 9 விடைத்தாள்களை எடுத்துத் திருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்கள் 40, 48, 56, 56, 60, 64, 64, 72, 80. சராசரி 60.

ஒவ்வொரு மதிப்பெண்ணும் 60-லிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து, அதை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1152. மாவட்டத்தின் உண்மைச் சராசரி தெரியாமல் இந்த 9 தாள்களின் சராசரியையே வைத்துக் கணக்கிடுவதால், 9-க்குப் பதில் 8-ஆல் வகுப்பார்கள். 144 வரும். அதன் வர்க்கமூலம் 12. இதுதான் திட்ட விலக்கம். மாணவருக்கு மாணவர் மதிப்பெண் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்று அது சொல்கிறது.

இன்னொரு முறை குலுக்கினால் வேறு 9 தாள்கள் வரும், சராசரியும் 57 என்றோ 62 என்றோ மாறும். இப்படிக் குலுக்கிக்கொண்டே போனால் கிடைக்கும் சராசரிகளும் சிதறத்தானே செய்யும்? அந்தச் சிதறலின் அளவு திட்டப் பிழை. அதற்காகத் திரும்பத் திரும்பக் குலுக்க வேண்டியதில்லை. 12-ஐ 9-இன் வர்க்கமூலமான 3-ஆல் வகுத்தால் போதும், 4 கிடைக்கும். எக்செல்லில் திட்டப் பிழையை இப்படி வகுத்துக்கொள்ளலாம்:

```
=STDEV.S(A1:A9)/SQRT(9)
```

144 தாள்களைத் திருத்தினால் என்ன ஆகும்? திட்ட விலக்கம் ஏறக்குறைய 12-லேயே நிற்கும். அதிகத் தாள்களைத் திருத்தியதால் பிள்ளைகளின் மதிப்பெண்கள் நெருங்கி வந்துவிடாது. திட்டப் பிழையோ 1-க்கு இறங்கிவிடும். அப்போது "60 ± 1" என்று அறிக்கையில் எழுதினால், படிக்கிற பெற்றோர் எல்லாப் பிள்ளைகளும் 59-க்கும் 61-க்கும் நடுவில் இருப்பதாக நினைத்துக்கொள்வார். 72 எடுத்த பெண் அவர் கண்ணுக்கு மேதையாகத் தெரிவாள். உண்மையில் அவள் சராசரியைவிட ஒரே ஒரு திட்ட விலக்கம்தான் மேலே. வகுப்புக்கு நாலைந்து பேராவது அப்படி இருப்பார்கள்.

ஆய்வுக் கட்டுரைகளிலும் இது நடக்கிறது. சிறிய எண் பார்வைக்கு நேர்த்தியாக இருப்பதால் திட்டப் பிழையைப் போட்டுவிட்டு, அது என்னவென்று சொல்லாமல் விடுகிறார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஆல்ட்மன், பிளாண்ட் என்ற இரு புள்ளியியலாளர்கள் 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு குறிப்பே எழுத வேண்டியிருந்தது.

திட்டப் பிழைக்கு ஒரு எல்லை உண்டு. குலுக்காமல் முதல் பெஞ்ச் பிள்ளைகளின் தாள்களை மட்டும் எடுத்தால் சராசரியே தப்பாக வரும். திட்டப் பிழை அதைக் காட்டிக்கொடுக்காது.

நீங்கள் ± போட்டு ஒரு எண்ணை எழுதினால், அது இரண்டில் எது, எத்தனை தாள்களிலிருந்து வந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.