மழையில் கூட்டிய வெளிச்சம், இரவில் கூசும் திரை

மழை கொட்டும் பிற்பகலில் ஹெட்லைட்டைப் போட்டதும் காரின் டேஷ்போர்டு திரை சட்டென்று மங்கிவிடும். மேப் தெரியவில்லையே என்று வெளிச்சத்தைக் கூட்டி வைப்போம். அன்றிரவு வீடு திரும்பும்போது அதே திரை கண்ணைக் கூசவைக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

பல கார்களில் பொழுது சாய்ந்ததைத் திரை தானாக அறிவதில்லை. விளக்கு சுவிட்சைப் பார்த்தே முடிவு செய்கிறது. விளக்கு எரிந்தால் இரவு. பகலுக்கு ஓர் அளவு, இரவுக்கு ஓர் அளவு என இரண்டு வெளிச்சங்களைத் தனித்தனியே நினைவில் வைத்திருக்கிறது. மழையில் நாம் கூட்டியது இரவு அளவை. டேஷ்போர்டின் மேல் ஒளி உணரி உள்ள கார்களில் வெளியே உள்ள வெளிச்சமும் கணக்கில் வரும்.

ஆகவே, எந்த நேரத்துக்கான அளவோ அந்த நேரத்திலேயே அதைச் சரிசெய்ய வேண்டும். திரையின் Display பகுதியில் Auto-வைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். இரவில், தெருவிளக்கு இல்லாத பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு, கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் பொறுங்கள். மேப்பின் எழுத்துகளைச் சிரமமின்றிப் படிக்க முடிகிற மிகக் குறைந்த அளவுக்கு வெளிச்சத்தை இறக்குங்கள். பிறகு முன்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடியையும் பாருங்கள். அங்கே திரையின் பிம்பம் துலக்கமாகத் தெரிந்தால் இன்னும் குறைக்கலாம். திரையிலிருந்து பார்வையை எடுத்ததும் சாலையோரம் தெளிவாகத் தெரிந்தால் அளவு சரி. ஸ்பீடோமீட்டர் விளக்குக்குப் பல கார்களில் தனியே ஒரு சிறு திருகு இருக்கும்; அதையும் இறக்குங்கள்.

பகல் அளவை, விளக்கை அணைத்துவிட்டு, வெயிலில் நின்று சரிசெய்யுங்கள். பகலில் கறுப்புப் பின்னணி வேண்டாம். கறுத்த திரையில் வானமும் இருக்கையும் முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும். வெள்ளைப் பின்னணியின் ஒளி அந்தப் பிம்பத்தை அமுக்கிவிடும். இரவில் நிலைமை தலைகீழ். வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு நிமிரும் கண்ணுக்கு, விளக்கில்லாமல் வரும் சைக்கிள் தெரியச் சற்று நேரமாகும். வயதானவர்களின் கண்ணுக்குள் ஒளி அதிகம் சிதறுவதால் அவர்களுக்குக் கூச்சமும் அதிகம்.

அடுத்த முறை மழையில் திரை மங்கினால், வெளிச்ச அளவைத் தொடாமல் Auto-விலிருந்து Day-க்கு மாற்றுங்கள். இருட்டியதும் மறக்காமல் Auto-வுக்குத் திரும்புங்கள். சில கார்களில் அந்தத் திருகைக் கடைசிவரை ஏற்றினாலே மங்கல் நீங்கிவிடும்.

ஹெட்லைட் போட்டும் திரை மங்கவே இல்லையா? வெளியே வாங்கிப் பொருத்திய திரை என்றால், பார்க்கிங் விளக்கோடு சேர வேண்டிய ILL ஒயர் இணைக்கப்படாமல் இருக்கலாம், பொருத்தியவரிடமே காட்டுங்கள். மேப் மட்டும் வெள்ளையாகவே நின்றால் கோளாறு ஒயரில் இல்லை. மேப் செயலியிலோ ஆண்ட்ராய்டு ஆட்டோவிலோ பகல், இரவு நிறத்துக்கு உள்ள தனித் தேர்வு பகலில் நிலைத்திருக்கும். அதைத் தானியங்கிக்கு மாற்றினால் போதும்.