பற்றும் வரவும்: ஒரு மளிகைக் கடையின் எட்டுக் கொடுக்கல் வாங்கல்கள்

ஒரு கடையில் நடக்கும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் குறைந்தது இரண்டு இடங்களில் மாற்றத்தை உண்டாக்குகிறது. ரொக்கம் கொடுத்துச் சரக்கு வாங்கினால் கல்லாவில் பணம் குறைகிறது, கடையில் சரக்கு கூடுகிறது. கடனுக்கு வாங்கினால் சரக்கு கூடுகிறது, மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கியும் கூடுகிறது. இந்த இரண்டு மாற்றங்களையும் ஒரே தொகையில் இரண்டு கணக்குகளில் எழுதி வைப்பதுதான் இரட்டைப் பதிவு முறை.

இத்தாலிய நகரங்களின் வணிகர்கள் 14ஆம் நூற்றாண்டிலேயே இப்படிக் கணக்கு எழுதினர். வெனிஸ் வணிகர்களின் வழக்கத்தை லூகா பாசியோலி என்ற கணித அறிஞர் 1494இல் வெளியான தம் கணித நூலின் ஒரு பகுதியில் விளக்கினார். இந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. கடைகளிலும் பண்டகசாலைகளிலும் நடந்துகொண்டிருந்ததை ஒழுங்குபடுத்தி எழுதினார். நடைமுறைதான் முதலில் வந்தது, விதிகள் பின்னால் வந்தன. கற்பதற்கும் அந்த வரிசையே எளிது. கடையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டால், பாடநூலின் பற்று, வரவு விதிகளை மனப்பாடம் செய்யாமலே புரிந்துகொள்ள முடியும்.

கடை வேறு, உரிமையாளர் வேறு

தொடங்கும் முன் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். கணக்கைப் பொறுத்தவரை கடை ஒரு தனி ஆள். அதன் உரிமையாளர் இன்னொருவர். எழுதப்படுவது கடையின் கணக்கு மட்டுமே. உரிமையாளர் கடையில் போட்ட பணம், கடை அவருக்குத் தர வேண்டிய தொகையாகவே எழுதப்படும். அதற்குப் பெயர் முதல்.

இப்படிப் பிரித்துக்கொண்டால் எந்த நேரத்திலும் கடையைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். கடையிடம் என்னென்ன இருக்கின்றன? அவற்றின் மீது யார் யாருக்கு எவ்வளவு உரிமை? முதல் கேள்விக்கான விடையை இடப்பக்கமும், இரண்டாவது கேள்விக்கான விடையை வலப்பக்கமும் எழுதினால், இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாகவே இருக்கும். கடன் கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டியதைக் கழித்து எது மீந்தாலும், அது உரிமையாளருக்குச் சொந்தம் என்பதே காரணம்.

எட்டு நடவடிக்கைகள்

ஒருவர் 1,00,000 ரூபாய் போட்டு மளிகைக் கடை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் ரொக்கம் 1,00,000. வலப்பக்கம் உரிமையாளரின் முதல் 1,00,000.

இரண்டாவதாக, 20,000 ரூபாய் ரொக்கம் கொடுத்து அலமாரிகளும் தராசும் வாங்குகிறார். ரொக்கம் 80,000 ஆகிறது. அலமாரி, தராசு என்ற புதிய சொத்து 20,000 ஆகச் சேர்கிறது. மாற்றம் முழுவதும் இடப்பக்கத்துக்குள்ளேயே நடந்துவிட்டது. மொத்தம் 1,00,000 அப்படியே இருக்கிறது. பணம் செலவழிந்தாலும் உரிமையாளரின் பங்கு குறையவில்லை.

மூன்றாவதாக, மொத்த வியாபாரியிடம் 50,000 ரூபாய்ச் சரக்கு எடுக்கிறார். 30,000 ரொக்கம், மீதி 20,000 கடன். ரொக்கம் 50,000 ஆகக் குறைகிறது, சரக்கு 50,000 வருகிறது, வலப்பக்கம் மொத்த வியாபாரியின் பெயரில் 20,000 ஏறுகிறது. ஒரே நடவடிக்கை மூன்று இடங்களைத் தொட்டிருக்கிறது. ஆனாலும் இரு பக்கமும் 1,20,000 என்று சமமாக நிற்கின்றன.

நான்காவது, விற்பனை. அசல் விலை 16,000 ரூபாய் உள்ள சரக்கு 20,000 ரூபாய்க்குப் போகிறது. அதில் 14,000 ரொக்கம்; பக்கத்து மெஸ் ஒன்று 6,000 ரூபாய்க்குக் கடன் சொல்லி வாங்குகிறது. இடப்பக்கம் ரொக்கம் 64,000 ஆகவும், சரக்கு 34,000 ஆகவும் மாறுகின்றன. மெஸ் தர வேண்டிய 6,000 புதிதாகச் சேர்கிறது. 16,000 வெளியே போய் 20,000 உள்ளே வந்ததால் இடப்பக்கம் 4,000 கூடிவிட்டது. இந்த 4,000க்கு வெளியார் யாரும் உரிமை கோர முடியாது. ஆகவே அது உரிமையாளரின் பங்கில் சேர்ந்து, அவர் பங்கு 1,04,000 ஆகிறது. இப்போது இரு பக்கமும் 1,24,000.

ஐந்தாவதாக, 3,000 ரூபாய் கடை வாடகை தரப்படுகிறது. அலமாரி வாங்கியபோது நடந்தது போல இங்கே பணத்துக்குப் பதிலாக எந்தச் சொத்தும் வரவில்லை. எந்தக் கடனும் தீரவில்லை. எனவே ரொக்கம் 61,000 ஆகக் குறையும்போது உரிமையாளரின் பங்கும் 1,01,000 ஆகக் குறைகிறது. செலவு என்பதன் பொருள் இதுதான்.

ஆறாவதாக, மெஸ்காரர் பாக்கியில் 4,000 கொடுக்கிறார். ரொக்கம் 65,000, மெஸ் பாக்கி 2,000. பணம் வந்தாலும் இது வருமானம் அல்ல. விற்ற அன்றே வருமானம் கணக்கில் ஏறிவிட்டது. ஏழாவதாக, மொத்த வியாபாரிக்கு 10,000 தரப்படுகிறது. ரொக்கம் 55,000, அவருக்குப் பாக்கி 10,000. பணம் போனாலும் இது செலவு அல்ல. எட்டாவதாக, உரிமையாளர் வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து 1,500 எடுக்கிறார். ரொக்கம் 53,500, உரிமையாளரின் பங்கு 99,500. இதையும் கடையின் செலவாகக் கொள்வதில்லை. தன் பங்கிலிருந்து அவரே எடுத்துக்கொண்டதால் இதற்கு எடுப்பு என்று பெயர்.

முடிவில் இடப்பக்கம் ரொக்கம் 53,500, சரக்கு 34,000, மெஸ் பாக்கி 2,000, அலமாரியும் தராசும் 20,000. கூட்டினால் 1,09,500. வலப்பக்கம் மொத்த வியாபாரிக்கு 10,000, உரிமையாளருக்கு 99,500. அதுவும் 1,09,500.

கல்லாக் கணக்கு மட்டும் இருந்தால்

இதே கடையில் பண வரத்தையும் செலவையும் மட்டும் ஒரு நோட்டில் எழுதியிருந்தால், வந்தது 1,18,000, போனது 64,500, கையிருப்பு 53,500 என்று காட்டும். ஒரு லட்சத்தில் தொடங்கிய கல்லா ஏறக்குறைய பாதியாகிவிட்டது என்பது மட்டுமே தெரியும். கடைக்கு லாபமா நட்டமா என்று அந்த நோட்டால் சொல்ல முடியாது. இரட்டைப் பதிவில் விடை தெளிவாக இருக்கிறது. விற்பனையில் கிடைத்தது 4,000, வாடகை 3,000, லாபம் 1,000. உரிமையாளரின் பங்கு ஒரு லட்சத்துக்கும் கீழே போனதற்குக் காரணம் வியாபாரம் அல்ல. லாபத்தைவிட 500 ரூபாய் அதிகமாக அவர் வீட்டுக்கு எடுத்ததுதான்.

விதிகள் எங்கிருந்து வருகின்றன

ஒவ்வொரு முறையும் இரு பக்கத்தையும் திருத்தி எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ரொக்கம், சரக்கு, மெஸ், மொத்த வியாபாரி என்று ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் தனிக் கணக்கு திறக்கப்படுகிறது. ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. இடப்பக்கத்தின் பெயர் பற்று, வலப்பக்கத்தின் பெயர் வரவு. இவற்றுக்கு நல்லது கெட்டது என்ற பொருள் இல்லை. இவை பக்கங்களின் பெயர்கள் மட்டுமே.

கடையிடம் இருப்பவை இடப்பக்கத்தைச் சேர்ந்தவை. ஆகவே அவை கூடினால் பற்று, குறைந்தால் வரவு. பிறருக்கும் உரிமையாளருக்கும் சேர வேண்டியவை வலப்பக்கத்தைச் சேர்ந்தவை. அவை கூடினால் வரவு, குறைந்தால் பற்று. வருமானம் உரிமையாளரின் பங்கைக் கூட்டுவதால் வரவு. செலவும் எடுப்பும் அதைக் குறைப்பதால் பற்று. ஆண்டு முடிவில் லாபம் எப்படி வந்தது என்று காண்பதற்காகவே விற்பனைக்கும் விற்ற சரக்கின் அசலுக்கும் வாடகைக்கும் தனித்தனிக் கணக்குகள் வைக்கப்படுகின்றன.

பாடநூலில் வரும் மூன்று விதிகளும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு என்பது மெஸ்ஸுக்கும் மொத்த வியாபாரிக்கும் பொருந்துகிறது. உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு என்பது ரொக்கத்துக்கும் சரக்குக்கும் பொருந்துகிறது. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் ஆதாயமும் வரவு என்பது வாடகைக்கும் விற்பனைக்கும் பொருந்துகிறது.

வங்கியில் பணம் போட்டால் பாஸ்புத்தகத்தில் அது வரவு என்று ஏறுவது பலரைக் குழப்புகிறது. பாஸ்புத்தகம் வங்கியின் பேரேட்டிலிருந்து எடுக்கப்பட்ட நகல். வங்கிக்கு அந்தப் பணம் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். அதனால் அங்கே வலப்பக்கம் கூடுகிறது. அதே பணம் கடையின் பேரேட்டில் சொத்து. அதனால் இங்கே பற்று.

இருப்பாய்வு

ஒவ்வொரு நடவடிக்கையிலும் பற்றும் வரவும் சமமாக எழுதப்படுவதால், எல்லாக் கணக்குகளின் இருப்பையும் வரிசையாக எழுதிக் கூட்டினால் இரண்டும் சமமாக வர வேண்டும். இதற்கு இருப்பாய்வு என்று பெயர். மேலே கண்ட கடையில் பற்று இருப்புகள் ரொக்கம் 53,500, சரக்கு 34,000, மெஸ் 2,000, அலமாரியும் தராசும் 20,000, விற்ற சரக்கின் அசல் 16,000, வாடகை 3,000, எடுப்பு 1,500. கூட்டுத்தொகை 1,30,000. வரவு இருப்புகள் முதல் 1,00,000, மொத்த வியாபாரி 10,000, விற்பனை 20,000. கூட்டுத்தொகை 1,30,000.

மளிகைக் கடையில் ஒவ்வொரு விற்பனைக்கும் அசலைத் தேடி எழுதுவது நடைமுறையில் கடினம். எனவே வாங்கிய 50,000 முழுவதையும் கொள்முதல் கணக்கில் வைத்துவிட்டு, ஆண்டு முடிவில் எஞ்சிய சரக்கை எண்ணி மதிப்பிடுவார்கள். 34,000க்குச் சரக்கு இருந்தால் விற்றதன் அசல் 16,000 என்று அப்போது தெரிந்துவிடும்.

இருப்பாய்வு சமமாக வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்பது உறுதி. வித்தியாசத் தொகையே சில நேரம் வழிகாட்டும். வாடகை 3,000ஐத் தவறுதலாக வரவுப் பக்கம் எழுதினால் வித்தியாசம் 6,000 வரும். ஆகவே வித்தியாசத்தில் பாதித் தொகை எங்காவது பக்கம் மாறி ஏறியிருக்கிறதா என்று முதலில் தேடுவார்கள். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், 5,400ஐ 4,500 என்று எழுதியது போல எண்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு.

சமமாக இருந்தும் தவறு

இருப்பாய்வு சமமாக வந்தால் கணக்கு சரி என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஒரு விற்பனையை அடியோடு எழுதாமல் விட்டால் இரு பக்கமும் ஒரே அளவு குறையும்; பிழை தெரியாது. மெஸ்ஸின் பாக்கியை வேறொரு வாடிக்கையாளர் பெயரில் பற்று எழுதினாலும் தெரியாது. அலமாரிக்கும் தராசுக்கும் கொடுத்த 20,000ஐச் செலவு என்று எழுதினால், அதுவும் பற்றுதான் என்பதால் கூட்டுத்தொகை மாறாது. ஆனால் 1,000 ரூபாய் லாபம் ஈட்டிய கடை 19,000 ரூபாய் நட்டத்தில் இருப்பதாகக் கணக்கு காட்டும்.

இத்தகைய பிழைகளைப் பேரேட்டை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். கணக்குக்கு வெளியே இருப்பவற்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கல்லாவில் உள்ள ரொக்கத்தை எண்ணிப் பார்ப்பது, சரக்கை நேரில் எண்ணுவது, மொத்த வியாபாரியின் கணக்கோடு பாக்கியைச் சரிபார்ப்பது, ஒவ்வொரு பதிவுக்கும் ரசீது இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை அதற்கான வழிகள். தொகைகள் இரு பக்கமும் சமமாக ஏறியிருக்கின்றனவா என்பதை மட்டுமே இரட்டைப் பதிவு காட்டும். நடந்தது முழுவதும் ஏறியதா, உரிய கணக்கில் ஏறியதா என்பதைக் கணக்கு எழுதுபவர்தான் உறுதிசெய்ய வேண்டும்.