தேதி தெரியாத வீட்டுக்குப் பணம் சேர்ப்பது எப்படி?

மகளின் கல்லூரிப் படிப்புக்குச் சேர்ப்பவருக்குப் பணம் தேவைப்படும் ஆண்டு தெரியும். ஓய்வுக்காலத்துக்குச் சேர்ப்பவருக்கும் தெரியும். ஆனால், “இந்த ஏரியாவில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பத்திரம் சுத்தமாக ஒரு வீடு வந்தால் வாங்கிவிடலாம்” என்று காத்திருப்பவருக்குத் தேதி தெரியாது. அந்த வீடு அடுத்த வாரமே வரலாம்; நான்கு ஆண்டுகள் கழித்தும் வரலாம். அதுவரை பணத்தை எங்கே வைப்பது?

தேதி தெரியாது என்று நினைக்கிறோம். ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் நமக்கு நிச்சயமாகத் தெரியும். நம் பணம் வீட்டுக்குப் போதுமானதாக ஆகும் நாள் ஒன்று. அதற்கு முன்னால் எவ்வளவு நல்ல வீடு வந்தாலும் வாங்க முடியாது. மற்றது, வீட்டைப் பிடித்த பிறகு எந்தத் தொகையை எத்தனை நாளில் கட்ட வேண்டும் என்ற வரிசை. இந்த இரண்டையும் காகிதத்தில் எழுதிவிட்டால் முதலீட்டுக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

எவ்வளவு தேவை?

சேலையூர் பக்கம் 60 லட்ச ரூபாயில் ஒரு பழைய ஃபிளாட் தேடும் தம்பதியை எடுத்துக்கொள்வோம். இருவரும் வேலைக்குப் போகிறார்கள். கையில் 9 லட்சம் இருக்கிறது; மாதம் 30,000 ரூபாய் சேமிக்க முடிகிறது.

வீட்டுக்கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை போனால், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே 48 லட்சம் கடன், 12 லட்சம் கைப்பணம். பதிவுச் செலவை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது. தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்த்து 5.4 லட்சம். வக்கீல், தரகர், பெயின்ட், சில்லறை ரிப்பேர் என்று இரண்டரை லட்சம் வைத்தால், மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம்.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அந்த வீட்டுக்கு 56 லட்சம்தான் பெறும் என்று எழுதினால் கடன் 44.8 லட்சமாகக் குறையும். மீதி 3.2 லட்சமும் நம் கையிலிருந்துதான் போகவேண்டும். பழைய கட்டடங்களில் இப்படி நேர வாய்ப்பு அதிகம். எனவே 20 லட்சத்தைக் குறைந்தபட்சத் தொகையாகவே கொள்ள வேண்டும்.

இருக்கும் 9 லட்சமும் மாதச் சேமிப்பும் 6 சதவீத வட்டியில் வளர்ந்தால் 20 லட்சம் சேர இரண்டரை ஆண்டு ஆகும். அதுதான் இவர்கள் வீடு வாங்கக்கூடிய முதல் நாள். பங்குச்சந்தை விழுந்து எழக் காத்திருக்க அந்தக் கால அளவு போதாது. 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 8,000 பக்கம் வந்து, பழைய உயரத்தை மீண்டும் எட்ட 2010-இன் கடைசிவரை ஆனது. 2020-இல் நிஃப்டி இரண்டே மாதங்களில் 38 சதவீதம் சரிந்தது. அந்த மார்ச்சில் இவர்களின் 20 லட்சத்தில் பாதி பங்கு ஃபண்டில் இருந்திருந்தால் 3.8 லட்சம் குறைந்திருக்கும். அன்று சந்தை சில மாதங்களில் மீண்டது உண்மைதான். ஆனால் வீடு விற்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார். தொழில் முடங்கி, வேலை போய், அவசரத்தில் வீட்டை விற்பவர்கள் சந்தைக்கு வருவதும் அத்தகைய காலத்தில்தான்.

முதல் நாள் இன்னும் ஏழெட்டு ஆண்டு தள்ளி இருப்பவர்கள் ஒரு பகுதியை இன்டெக்ஸ் ஃபண்டில் போடலாம். கடைசி மூன்று நான்கு ஆண்டுகளில் அதைப் படிப்படியாக வெளியே எடுத்துவிட வேண்டும்.

வீட்டின் வேகத்துக்குப் பணம்

வீடு பிடித்தவுடன் டோக்கன் அட்வான்ஸ் கேட்பார்கள். ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ, ஓரிரு நாளில் வேண்டும். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் எல்லாம் வக்கீல் பார்த்த பிறகு விற்பனை ஒப்பந்தம். அதற்குப் பெரும்பாலும் விலையில் பத்து சதவீதம், அதாவது 6 லட்சம். மீதிக் கைப்பணமும் பதிவுச் செலவும் பத்திரப்பதிவை ஒட்டித் தேவைப்படும்; அது வழக்கமாக ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள்.

டோக்கனுக்கான 2 லட்சம் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். ஒப்பந்தத்துக்கான தொகையை லிக்விட் ஃபண்டில் வைக்கலாம். விற்றால் அடுத்த வேலைநாளில் பணம் வரும். மீதியை ஃபிக்ஸட் டெபாசிட்டில் வைக்கலாம். 12 லட்சத்தை ஒரே ரசீதாகப் போடாமல் 2 லட்சமாக ஆறு ரசீது போட்டால், தேவைப்படும் அளவுக்கு மட்டும் உடைத்துக்கொள்ளலாம். பாதியில் எடுத்தால் பணம் இருந்த காலத்துக்குரிய வட்டியில் பல வங்கிகள் அரை முதல் ஒரு சதவீதம் பிடிக்கும். ஓராண்டு கிடந்த 2 லட்சத்துக்கு அது அதிகபட்சம் 2,000 ரூபாய். இந்தச் சின்ன இழப்புக்குப் பயந்து பணத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே போட்டுவைத்தால் அதைவிட அதிகம் போய்விடும். வைப்புக் காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். கணவன் பேரிலும் மனைவி பேரிலும் இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து வைப்பது நல்லது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. வரிச்சலுகை டெபாசிட்டை ஐந்து ஆண்டுகளுக்கு உடைக்க முடியாது. ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாகத் தருகிற கடன் ஃபண்டுகள் பல, தரம் குறைந்த கம்பெனிக் கடன் பத்திரங்களை வாங்கித்தான் அதைத் தருகின்றன. 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியபோது முதலீட்டாளர்கள் நினைத்த நாளில் பணத்தை எடுக்க முடியவில்லை. தவணை தவணையாகத்தான் வந்தது. வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டவருக்கு, தாமதமாக வரும் பணம் வராத பணம்தான். சீட்டிலும் இதே கவனம் வேண்டும். பதிவு பெற்ற சீட்டாக இருந்தாலும், நமக்கு வேண்டிய மாதம் இன்னொருவர் அதிகத் தள்ளுபடிக்குக் கேட்டுவிட்டால் அடுத்த ஏலம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வீடு வராமலே போனால்?

20 லட்சம் சேர்ந்தும் வீடு அமையவில்லை என்றால், “விலை ஏறிக்கொண்டே போகிறதே, பணம் சும்மா தூங்குகிறதே” என்ற கவலை வரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டு விலை ஓராண்டில் 5 சதவீதம் ஏறி 63 லட்சமானால் நமக்கு வேண்டியது 21 லட்சம். 6 சதவீத வட்டியில் 20 சதவீத வரி போனாலும் நம் 20 லட்சம் ஏறக்குறைய 20.96 லட்சமாகியிருக்கும். விலை அதைவிட வேகமாக ஏறினால், தொடர்ந்து வரும் மாதச் சேமிப்பு முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பட்டும். அதற்கும் மேல் மிஞ்சுவது இன்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகலாம். வீடு வாங்கும் நாளில் அதைத் தொட வேண்டியதில்லை. சந்தை விழுந்திருந்தாலும் அப்படியே விட்டுவைக்கலாம்.

ஆண்டுக்கு ஒரு முறை, அதே தெருக்களில் உண்மையில் கைமாறிய விலையை விசாரித்து இந்த 20 லட்சத்தைத் திருத்தி எழுத வேண்டும். விளம்பரத்தில் போடும் விலை அதற்கு உதவாது.

தயாராக இருக்கும் பணத்துக்கு இன்னொரு வருமானமும் உண்டு. “வர்ற வாரம் ஒப்பந்தம், அறுபது நாளில் பத்திரம்” என்று உறுதியாகச் சொல்லக்கூடியவரிடம் விற்பவர் விலையில் இறங்கிவருவார். 60 லட்சத்தில் ஒரு லட்சம் குறைந்தாலே, 20 லட்சத்துக்கு ஓராண்டு 5 சதவீதம் கூடுதல் வட்டி கிடைத்ததற்குச் சமம். தேதி தெரியாத இலக்கில் அதிக வருமானத்தைத் தேடுபவர்கள், அதைச் சந்தையில் தேடுவதைவிட விலை பேசும் மேஜையில் தேடலாம்.